அறுபதாம் நாள் ஜிப்சம்

ஆலங்குடி மலையாண்டிக்குக் குரல் சற்றுப் பெரிது. அவர் வயலில் நின்று இருமினால், யாரோ ஏறுவதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அறந்தாங்கி பஸ் நின்றுவிடும். கண்டக்டர் இறங்கித் தேடியும் பார்த்திருக்கிறார். அந்தக் குரல், மகள் திலகவதி செத்துப்போன பிறகு ஆறு மாதம் வெளியே வரவில்லை.

திரும்ப வந்ததற்குக் காரணம் மருமகன் சரவணக்குமார். அவனும் திலகவதியும் விவசாயிகளுக்காக ஒரு இணையதளம் நடத்திவந்தார்கள். எழுதுவது அவள், மற்றதெல்லாம் அவன். அவள் போனபின் பக்கங்களைத் திறந்து பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். போனில் ஏதாவது கேட்டுத் தேடினால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெட்டியில், யாருடைய பக்கத்திலிருந்தாவது ஒரு பத்தியைத் தூக்கி வைத்துக் காட்டுமே, அந்தப் பெட்டிக்குள் அவளை உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

தொழில் தெரிந்தவன்தான். ஜனங்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படியே தலைப்பு இருக்க வேண்டும். அதன் கீழேயே, முன்னும் பின்னும் படிக்காமல் புரிகிற மாதிரி, நாலு வரியில் நேரடிப் பதில். அப்படி இருந்தாலும் கட்டாயம் எடுத்துக்கொள்ளும் என்பதில்லை. எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். 'எங்கப்பாவும் ஜிப்சம் மூட்டையும்' என்று அவள் வைத்திருந்த தலைப்பை அழித்தான். 'நிலக்கடலைக்கு ஜிப்சம் எப்போது போட வேண்டும்?' என்று மாற்றினான். கீழே இருந்த அவளுடைய பத்தியில் கைவைக்க மனசு வரவில்லை. ஒரு கமாவைக்கூட நகர்த்தாமல் விட்டுவிட்டான்.

கொஞ்ச நாளில் பெட்டி அவளைத் தூக்கிக்கொண்டது.

"எங்கப்பா விதைத்த அறுபதாம் நாள்தான் கடலைக்கு ஜிப்சம் போடுவார். அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை."

அத்தோடு பெட்டி முடிந்தது. 'அதனால்தான் அவர் கடலையில் பாதி, பருப்பில்லாத பொக்கு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்' என்று அவள் தொடங்கியது அடுத்த பத்தியில். பெட்டி அங்கே போகவில்லை.

மலையாண்டிக்குக் குரல் வந்துவிட்டது. டீக்கடையில் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்துக்கங்கப்பா! ஒலகத்துல எவன் கேட்டாலும் எம்மக என்னயத்தான் கைகாட்டுறா."

"ஒங்க கடலைய ஒடைச்சா உள்ள காத்துல்ல வருது?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"காத்தும் கடலைக்காத்துதான்டா!"

மாமனாரின் முகத்தைப் பார்த்துச் சரவணக்குமார் சும்மா இருந்துவிட்டான். தப்பு என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். அந்தப் பெட்டி, பேசுகிறவர்களின் நடுவே அவளைக் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்திருந்தது. எப்படிப் போகச் சொல்வது?

அறுவடை சமயத்தில் குளத்தூரிலிருந்து புவனேஸ்வரி என்று ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒங்க தளத்துல போட்டிருந்த மாதிரியே அறுபதாம் நாளு போட்டோம். செடி நல்லாத்தான் இருந்துச்சு. புடுங்குனா எல்லாம் பொக்குண்ணே. எங்க வீட்டுக்காரர் வயல்லயே உக்காந்திருக்காரு. எந்திரிக்க மாட்டேங்குறாரு."

அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் திட்டியிருந்தால் தேவலாம். "அக்கா நல்லா எழுதுவாங்களே, எப்படித் தப்பாச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா தப்பாக எழுதவில்லை என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கவே நேரமாயிற்று. போனை வைத்தவுடன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான்.

'நிலக்கடலைக்கு ஜிப்சத்தை, விதைத்த நாற்பது முதல் நாற்பத்தைந்தாம் நாளுக்குள், ஏக்கருக்கு நூற்று அறுபது கிலோ வீதம் செடியின் ஓரமாக இட்டு மண் அணைக்க வேண்டும். விழுது இறங்கிக் காய் பிடிக்கும் அந்த நேரத்தில் கிடைத்தால்தான் பருப்பு திரளும்.'

தலைப்புக்குக் கீழே அதை வைத்தான். திலகவதியின் பத்திகளைப் பக்கத்தின் அடிக்குக் கொண்டுபோய், அவளுடைய பழைய தலைப்பையே போட்டான். ஆனாலும் பெட்டி மறுபடி அவளைத் தேடிப் போகலாம். அதனால் அவள் வரிகளைச் சுற்றி, இதை எடுத்துக் காட்டாதே என்று தேடுதளத்துக்குச் சொல்லும் குறியை இட்டான். அவள் சொன்ன எதையும் அவன் அதுவரை தடுத்ததில்லை. பக்கத்தை மறுபடி வந்து படிக்கும்படி விண்ணப்பித்துவிட்டு, மாமனாரிடம் போய்ச் சொன்னான்.

"சரி மாப்ள. ஊரான் வயிறு காயலாமா," என்றார் அவர்.

பெட்டி மாறிய காலையில் அவர் டீக்கடைக்குப் போகவில்லை, மாடியேறி மருமகனின் அறைக்கு வந்தார். பெட்டியில் சரவணக்குமாரின் வரிகள் இருந்தன. பதில் அங்கேயே கிடைத்துவிடுவதால் உள்ளே வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் அடிவரை யாரும் இறங்குவதில்லை.

"அவ சொன்னது எங்கிட்டு இருக்கு?"

அவன் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். அவர் பெட்டியையும் பார்த்தார், அடியையும் பார்த்தார்.

"இதுல எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இது யாரு பேசுறது மாப்ள?"

அவன் மறுபடி அடிக்குத் தள்ளி, அவள் வரிகளில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"அவளச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்பக்கூட இப்படி இல்ல," என்றார். அந்தக் குரல் அறைக்கு வெளியேகூடக் கேட்டிருக்காது.