மோதிர விரல் செய்த வேலை

மாவுக்கட்டைப் பிரித்ததும் பிசியோதெரபிஸ்டான நான், "மோதிர விரலை மடக்கும்மா" என்றேன்.

பட்டாபிராமிலிருந்து வந்திருந்த ராணி மடக்கினாள். தொழுநோயில் செயலிழந்துகிடந்த கட்டைவிரல் எழுந்து, மற்ற விரல்களுக்கு எதிரே நின்றது. அவள் அலறிவிட்டாள்.

"இன்னா மேடம் இது! ஒண்ணை மடக்குனா இன்னொண்ணு ஆடுது!"

"மோதிர விரலை மடக்குற தசைநார் ஒண்ணைத்தான் ஆபரேஷன்ல கட்டைவிரலுக்கு மாத்தியிருக்காங்க. பழகப் பழகத் தானா வரும்."

கேன்டீனிலிருந்து வந்த அவள் கணவன் பரந்தாமன், துண்டால் பிடித்திருந்த டீ டம்ளரை மேசையில் வைத்தான். ராணி அதை அப்படியே வளைத்துப் பிடித்துத் தூக்கினாள்.

"வை கீழே! தையல் விட்டுடும்!" என்று கத்தினேன். எனக்குத் தையல்தான் பெரிதாகத் தெரிந்தது.

டம்ளரைப் பிடுங்கப் போன பரந்தாமன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். "ஐயோ, கொதிக்குது!"

அவளுடையது நரம்பு செத்த கை. ராணி சிரித்தபடி இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.