ஆறு மாதச் சலுகை

டிசம்பரோடு முடிய வேண்டிய வீட்டுக் கடன் ஜனவரியிலும் முடியவில்லை. நஸீராவிடம் அதைச் சொன்னவன் அவள் தம்பி அஸ்வான்.

ஈப்போவை அடுத்த லகாட்டில் இருக்கும் வீடு இருவர் பெயரிலும் இருந்தது. மாதத் தவணை தொள்ளாயிரம் மலேசிய வெள்ளி. தன் பாதியை நஸீரா மாதம் தவறாமல் தம்பியிடம் கொடுத்துவிடுவாள். பேங்க் அவன் கணக்கிலிருந்து முழுத் தவணையையும் எடுத்துக்கொள்ளும். அவள் சாப்பாட்டுக் கடை கொரோனாக் காலத்தில் மூடிக் கிடந்தபோதும் அந்தப் பாதியை நிறுத்தியதில்லை. அதற்காக அடகு வைத்த வளையல்கள் திரும்பி வரவேயில்லை.

"இன்னும் எட்டு மாசம் இருக்கு அக்கா. ஆகஸ்ட்ல முடியும்லா" என்றான் அவன்.

இடையில் தவணை கட்டாமல் தின்றுவிட்டானோ? சந்தேகம் ஒரு வாரம் அவளைத் தூங்கவிடவில்லை. கடைசியில் அவனை இழுத்துக்கொண்டு ஈப்போ பேங்குக்கே வந்துவிட்டாள். திருடியிருந்தால் வீட்டை விற்றுக் கணக்கைத் தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். அதன்பிறகு தம்பி என்று ஒருத்தன் கிடையாது.

கடன் பிரிவு அதிகாரி சுபாஜினி கணினித் திரையைப் பார்த்தாள்.

"தவணை எதுவும் தவறலை அக்கா. ரெண்டாயிரத்து இருபது ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும் பேங்கே தவணை எடுக்கலை. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரம், எல்லாருக்கும் தானாகவே குடுத்த சலுகை அது. வேணாம்னு சொன்னவங்க மட்டும் வழக்கம்போலக் கட்டினாங்க."

"பாத்தீங்களா அக்கா!" அஸ்வான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்னைப் போலீஸ் வரைக்கும் கொண்டு போயிருப்பீங்க போல."

நஸீரா அவன் பக்கம் திரும்பவில்லை. "ஆறு மாசம் எடுக்கலைன்னா ஆறு மாசம்தானே தள்ளிப் போகணும்? இவன் எட்டுங்கிறானே?"

"தவணைதான் நின்னுச்சு, வட்டி நிக்கலை" என்றாள் சுபாஜினி. "அப்போ உங்க பாக்கி நாப்பத்தாறாயிரத்துச் சொச்சம். வருஷத்துக்கு நாலு சதவீதம்னா மாசம் நூத்தம்பத்தஞ்சு வெள்ளி வட்டி. ஆறு மாசத்துல தொள்ளாயிரத்துச் சொச்சம் பாக்கியோட சேர்ந்துருச்சு. அதுக்கும் பிறகு வட்டி ஓடும். தவணையை ஏத்தாம அதே தொள்ளாயிரத்துல கட்டினதால, காலம்தான் நீளும். நின்ன ஆறு தவணை ஜூனோட முடியும். சேர்ந்த வட்டிக்கு ஜூலைல ஒரு முழுத் தவணை, ஆகஸ்ட்ல கொஞ்சம். அவ்வளவுதான்."

"முன்னாடியே கட்டியிருக்கலாமா?"

"சலுகை முடிஞ்சப்போ நின்ன தொகையை ஒரேயடியாக் கட்டலாம், இல்ல மாசத் தவணையைக் கூட்டலாம்னு எஸ்.எம்.எஸ். அனுப்பினோம். பதில் வராட்டி காலத்தை நீட்டுவோம்னும் சொல்லியிருந்தோம்."

"எஸ்.எம்.எஸ். யாருக்கு?"

"இந்தக் கணக்குல இருக்கிற நம்பருக்கு."

அஸ்வான் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நஸீராவின் சந்தேகம் அடங்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்தது.

"தம்பி, பேங்க் ஆறு மாசம் எடுக்கலை, சரி. ஆனா அந்த ஆறு மாசமும் நான் உன்கிட்டக் குடுத்தேனே. அது எங்க?"

சுபாஜினி திரையை இன்னும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

"அக்கா... அப்ப பஸ் கம்பெனிக்காரன் என்னை வேலையை விட்டு நிறுத்திட்டான்" என்றான் அஸ்வான். குரல் இறங்கிவிட்டது. "அரசாங்கம் ஆறு மாசத்தை விட்டுக் குடுத்துருச்சு, திருப்பிக் கட்ட வேணாம்னுதான் நெனச்சேன். பேங்குக்கே வேணாங்கிற காசு, யாருக்கும் நஷ்டமில்லேன்னு வீட்டுச் செலவுக்கு வெச்சிக்கிட்டேன். சத்தியமாலா."

"எனக்கு நஷ்டமில்லியா? வளையலை அடகு வெச்சில்லடா குடுத்தேன்!"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அஸ்வான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தள்ளிவைத்ததைத் தள்ளுபடி என்று நம்பிய முட்டாள்தான் அவன். ஆனால் அந்த முட்டாள்தனத்தை ஐந்து வருடம் வாய் திறக்காமல் வைத்திருந்தானே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

"வீட்டை விக்கலை" என்றாள் அவள் கடைசியில். "என் பாதி டிசம்பரோட முடிஞ்சிருச்சு. இருக்கிறது பூரா உன் தலையில. வட்டியும் சேர்த்து. ஆகஸ்ட் வரைக்கும் நீயே கட்டு. கடன் முடிஞ்சதும் வீட்டுக் கிராண்டுப் பத்திரத்தை வாங்க நான் வாரேன்."

அஸ்வான் முணுமுணுத்தான். "சரிக்கா."

அவள் சுபாஜினியிடம் திரும்பினாள். "இந்தக் கணக்குல என் போன் நம்பரையும் போடும்மா."

"என் நம்பர்தான் இருக்கே அக்கா" என்றான் தம்பி.

"அதனாலதான்."