சக்கரபாணி சார் ஊற்றிய பாலம்

சக்கரபாணி சார் வேதியியல் துறைத் தலைவரான நாளிலிருந்து அந்தக் கல்லூரியில், மின்கலத்தின் இரண்டு பீக்கர்களையும் இணைக்கும் உப்புப் பாலத்தைச் செய்யும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். வருடத்துக்கு ஒருமுறை கடல்பாசியைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் காய்ச்சி, வளைந்த கண்ணாடிக் குழாய்களில் தம் கையாலேயே ஊற்றுவார். இறுகியதும் மாணவர்கள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய கோயிலில்கூட விபூதி வாங்க இத்தனை கெடுபிடி கிடையாது.

துத்தநாகமும் தாமிரமும் வைத்த மின்கலத்தில் அந்தப் பாலம் ஒழுங்காகவே வேலை செய்து வந்தது. அந்தத் தெம்பில் இந்த வருடம் இறுதிச் செய்முறைத் தேர்வுக்குத் தாமிரத்தை எடுத்துவிட்டு வெள்ளியை வைத்தார். வேலூரிலிருந்து வரும் வெளித் தேர்வாளர் மதிவதனி அசந்துபோக வேண்டுமாம். பாலத்தை மட்டும் அவர் மாற்றவில்லை.

காலையில் தேர்வெழுதிய பிள்ளைகள் முகம் தொங்கி வெளியே வந்தார்கள். யாருக்கும் வோல்ட்மீட்டர் முள் நிற்கவில்லை. கண்ணாடியை ஒழுங்காகக் கழுவவில்லை என்று சார் எல்லோரையும் ஃபெயிலாக்கிவிட்டிருந்தார்.

பிற்பகல் குழுவில் வினோதினி இருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவள். இதில் தேறினால் பி.எட். இடம் உறுதி. தேறாவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அவளுடைய அப்பா அதற்கு ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தார்.

ஒரு பீக்கரில் துத்தநாகத் தகடும் அதன் சல்பேட் கரைசலும், இன்னொன்றில் வெள்ளிக் கம்பியும் வெள்ளி நைட்ரேட்டும் இருந்தன. சாரின் பாலத்தை இரண்டிலும் முங்க வைத்தாள். முள் ஒன்றரை வோல்ட்டைத் தொட்டது, பிறகு இறங்கத் தொடங்கியது. வெள்ளி நைட்ரேட்டில் முங்கிய குழாய் வாயைச் சுற்றித் திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஏதோ கட்டிக்கொண்டிருந்தது. வினோதினிக்குக் கோபம் வந்தது. இதற்கா காலையில் அத்தனை பேரும் ஃபெயில்?

"சார், பாலத்தை மாத்திக்கட்டுமா? பொட்டாசியம் நைட்ரேட்ல வடிதாளை நனைச்சு வச்சா போதும்."

"உப்புப் பாலம்னா உப்பு இருந்தா போதும்மா. எந்த உப்பா இருந்தா உனக்கென்ன? கண்ணாடிய கழுவத் தெரியல, அறிவு மட்டும் ஜாஸ்தி."

டீயை ஓரமாக வைத்துவிட்டு மதிவதனி எழுந்து வந்தார். "மாத்தட்டும் சார். ஏன்னு சொல்லிட்டு மாத்தும்மா."

வினோதினி துத்தநாகம் இருந்த பீக்கரைக் காட்டினாள். "துத்தநாகம் கரையக் கரைய இந்தப் பக்கம் நேர் மின்சுமை ஜாஸ்தியாகுங்க மேடம். அந்தப் பக்கம் வெள்ளி அயனி கம்பியில படியுது, நைட்ரேட் மிஞ்சிப்போவுது. ரெண்டையும் சரிக்கட்டலைன்னா கரண்ட் நின்னுடும். பாலத்துல இருக்கிற எதிர் அயனி இங்க வரும், நேர் அயனி அங்க போவும். அதுக்குத்தான் பாலம்."

"அதுக்குக் குளோரைடு ஆவாதா?" என்றார் மதிவதனி.

"தாமிரத்துக்கு ஆவும். வெள்ளிகூடச் சேர்ந்தா வெள்ளி குளோரைடா படிஞ்சு பாலத்து வாயையே அடைச்சுடும். கரைசல்ல இருக்கிற வெள்ளியும் கம்மியாவும். பாலத்துல இருக்கிறது ரெண்டு பக்கமும் எதுகூடவும் வினை புரியக்கூடாதுங்க. நைட்ரேட் எதையும் தொடாது."

புதுக் கரைசல் ஊற்றி, நைட்ரேட்டில் நனைத்த வடிதாளை இரண்டு பீக்கருக்கும் நடுவே போட்டாள். முள் ஒன்றரைக்கு ஏறி அங்கேயே நின்றது. மதிவதனி மதிப்பெண் போட்டார். துறைத் தலைவரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

சக்கரபாணி சார் இப்போது சிரித்தார். அந்த மனிதருக்கு வெட்கம் என்பது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை போலும். "பாத்தீங்களா மேடம், நான் வேணும்னேதான் குளோரைடு வச்சேன். பசங்களுக்குப் புரியுதான்னு பாக்கணுமில்ல."

மதிவதனியும் தலையாட்டினார். சார் பேனாவைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டு நின்றால் பி.எட். கையில். வினோதினிக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை.

"அப்படின்னா காலையில வந்தவங்களையும் தெரிஞ்சேதான் ஃபெயில் பண்ணீங்களா சார்?"

பேனா அந்தரத்தில் நின்றது. மதிவதனி தலையாட்டுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "கண்ணாடி கழுவலைன்னு என்கிட்ட சொன்னீங்க. பாலம் கோளாறுன்னு தெரிஞ்சும் சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா? ரெண்டுல ஒண்ணை எழுதிக் குடுங்க, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பணும்."

தெரியும் என்றால் வேலை போகும். தெரியாது என்றால் இத்தனை வருடம் ஊற்றி ஊற்றி வளர்த்த மானம் போகும். சார் பீக்கரைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், வினோதினியை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

"தெரியாதுங்க," என்றார் சக்கரபாணி சார்.