நாகஜோதி டீச்சரின் சம்பளக் கடிதம்

எரியோட்டிலிருந்து ஏழே காலுக்கு டவுன் பஸ் பிடித்து, திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் அந்த மெட்ரிக் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போய்வருகிறாள் நாகஜோதி. இந்த ஏப்ரலோடு பத்தொன்பது வருஷம் முடிகிறது. சம்பளம் பதினாலாயிரத்து ஐந்நூறு. போன ஜூனில் சேர்ந்த கணக்கு டீச்சர் அறிவுச்செல்வி, தனக்குப் பதினாறாயிரம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுப் பதறி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாகஜோதி கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் விண்ணப்பக் கடிதம் நடத்துகிறவளுக்கே தனக்கென்று எழுதக் கை வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டாள். நான்காவதில், ‘தங்கள் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக இடைவிடாது பணியாற்றி வரும் எனக்கு, வரும் கல்வியாண்டு முதல் ஊதியத்தை இருபதாயிரமாகத் திருத்தி வழங்கப் பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று முடித்தாள். பத்தாம் வகுப்பில் தமிழில் ஒரு பிள்ளையும் தோற்றதில்லை என்பதையும் சேர்த்திருந்தாள்.

நான்கு நாள் கழித்துத் தாளாளர் முத்துக்கிருஷ்ணன் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் பிரின்சிபால் முனீஸ்வரியும் இருந்தாள். நாகஜோதியோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள்.

“உக்காருங்க டீச்சர். லெட்டர் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இந்த ‘இடைவிடாது’தான் இடிக்குது.”

“புரியல சார்.”

தாளாளர் மணியடித்தார். ஆபீஸ் கிளார்க் சுப்புராஜ் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து பிரித்து வைத்துவிட்டு, நாகஜோதியின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

முதல் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. சொந்தக் காரணங்களுக்காக ஏப்ரல் முப்பதாம் தேதியோடு வேலையை ராஜினாமா செய்கிறேன்; எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை. கீழே அவள் கையெழுத்து. அடுத்தது ஜூன் மாதத்துப் புது நியமன உத்தரவு. அதற்கடுத்து மறுபடி ராஜினாமா. புரட்டப் புரட்ட வந்துகொண்டே இருந்தது. பதினெட்டு. எல்லாவற்றிலும் அதே கையெழுத்து, ‘ஜோ’வின் கொம்பைச் சுழித்து இழுக்கும் அவளுடைய கையெழுத்துதான்.

“நீங்க போன ஜூன்ல சேந்தவங்க டீச்சர். அறிவுச்செல்வி மாதிரிதான். சர்வீஸே இல்லாம எப்பிடி ஏத்திக் குடுக்க?”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வருஷா வருஷம் ஏப்ரல் சம்பளத்தின்போது சுப்புராஜ் நான்கைந்து தாளை அடுக்கி, “லீவுக்கு முன்னாடி போடுற ஃபார்மாலிட்டி டீச்சர், பென்சில் டிக் இருக்க எடத்துல” என்பார். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். போட்டுவிட்டு ஓடுவாள். மே மாதச் சம்பளம் வராததை லீவு மாதம் என்றே நினைத்திருந்தாள். ஃபைலை மூடிவைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

வராந்தாவில் முனீஸ்வரி பின்னாலேயே வந்தாள்.

“ஒனக்குத் தெரியுமா முனீஸ்?”

“தெரியும்டி. தொடந்து அஞ்சு வருசம் இருந்தா, போறப்ப கிராஜுட்டிப் பணம் குடுக்கணும்ல. அதக் குடுக்காம இருக்கத்தான் இது.” தாளாளர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “நானும் வருசா வருசம் போடுறேன். பிரின்சிபாலுக்கும் அதே தாளுதான்.”

“தெரிஞ்சா போடுற?”

நாகஜோதிக்கு அந்த ஃபைலைப் பார்த்ததைவிட இதுதான் வலித்தது. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் இருவரும்.

ஏப்ரல் கடைசி நாள் சுப்புராஜ் தாள்களோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். நாகஜோதி தன்னுடையதை வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிச் சத்தம்போட்டு வாசித்தாள். அறிவுச்செல்வி பேனாவை மூடினாள்.

“இதுல நான் போட மாட்டேன் சார்.”

“போட்டாத்தான் சம்பளம் டீச்சர். எங்கிட்ட ஏன்...”

“உங்களச் சொல்லல. அவர்ட்ட சொல்லுங்க.”

அன்று பதினோரு பேர் கையெழுத்துப் போடவில்லை. சாயங்காலம் தாளாளர் அவளை மட்டும் அழைத்தார். கையெழுத்துப் போட்டால் இரண்டாயிரம் ஏற்றித் தருவதாகச் சொன்னார். அட்மிஷன் நேரம், பதினோரு பேரை ஒரேயடியாக அனுப்ப முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

“பதினெட்டு தடவ என்னைய வேலைய விட்டு அனுப்பியிருக்கீங்க சார். எனக்கே தெரியாம.” கையெழுத்துப் போடாமலே எழுந்து வந்தாள்.

ஏப்ரல் சம்பளம் பத்து நாள் தாமதமாக பேங்கில் ஏறியது. மே மாதத்துக்கு எதுவும் வரவில்லை. சேர்த்துவைத்திருந்த பத்தொன்பது வருஷத்து பேங்க் பாஸ்புக்குகளையும் வகுப்பு ஃபோட்டோக்களையும் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவர், சம்பளத்தை ஏற்றத் தங்களால் முடியாது, சர்வீஸைத் தொடர்ச்சியாகக் கணக்கிடக் கேட்டு மனுக் கொடுக்கலாம், ஆனால் நாளாகும் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது டைம்டேபிளில் அவள் பெயர் இருந்தது. ராஜினாமா இல்லாததால் இந்த முறை புது நியமன உத்தரவும் இல்லை. சம்பளம் அதே பதினாலாயிரத்து ஐந்நூறு. எட்டாம் வகுப்புக்குள் நுழைந்து சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் ‘விண்ணப்பக் கடிதம்’ என்று எழுதினாள்.