மூன்றாம் எண் பார்க்கிங்குக்கு ஒரு விண்ணப்பம்

ஒன்பது வருஷமாக ஓர் அங்குலம்கூட அசையாத காரை, என் விரல் நுனிகூடப் படாமல், ஒரே ஒரு காகிதத்தால் நகர்த்தியவன் நான். பெரிய காகிதமும் இல்லை. நாலாக மடித்தால் சட்டைப் பைக்குள் போய்விடும்.

எங்கள் குடியிருப்பின் எண்பது வீடுகளிலும் இதை நம்பினார்கள். நம்பாத ஒரே ஆள் என் வீட்டுக்காரி. "இவர் சொல்றதைப் பாதியாக் குறைங்க, அதையும் பாதியாக் குறைங்க, மிச்சத்தை விசாரிச்சுக்கோங்க" என்று விருந்தாளிகளிடம் செருப்பு கழற்றும்போதே சொல்லிவிடுவாள். போதாக்குறைக்கு அவள்தான் சங்கத்தின் துணைச் செயலாளர். கூட்டக் குறிப்பு அவள் கையெழுத்தில்தான் இருக்கும். அவள் நோட்டில் ஏறாதது எங்கள் காம்பவுண்டில் நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கேட்டுக்கு எதிரே பன்னிரண்டு வருஷமாகத் தள்ளுவண்டி போட்டிருந்த காய்க்காரம்மா ஒரு நாள் காலையில் மாடியேறி வந்தார்.

"ரோட்டைத் தோண்டப் போறாங்களாம் சார். அடுத்த மாசத்துலேருந்து ஆறு மாசத்துக்கு அங்க நிக்கக் கூடாதாம். அதுக்குள்ள எல்லாரும் போன்லயே காய் வாங்கப் பழகிடுவாங்க. அப்புறம் நான் திரும்பி வந்து யாருக்கு விக்கிறது? வாரத்துல ஒரு நாள் உள்ள விட்டாப் போதும். ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

கரும்பு தின்னக் கூலியா? முப்பத்தாறு வருஷம் அலுவலகத்தில் கடிதம் வரைந்தவன் நான். என் கடிதத்தைப் படித்துவிட்டு அதிகாரிகள் மேஜைமேல் தலைவைத்து அழுதிருக்கிறார்கள். (தூங்கினார்கள் என்பாள் வீட்டுக்காரி.) அன்றைக்கே நாலு பக்கம் எழுதிவிட்டேன். ஆதி மனிதன் முதல் கிழங்கைத் தோண்டியதில் ஆரம்பித்து, மூன்றாம் பக்கத்தில்தான் காய்க்காரம்மா பிறந்தார்.

வீட்டுக்காரி சிவப்புப் பேனாவை எடுத்தாள். மூன்றே முக்கால் பக்கம் போயிற்று.

"கமிட்டிக்கு நாலு விஷயம் தெரிஞ்சாப் போதுங்க. எந்த நாள், எத்தனை மணிலேருந்து எத்தனை மணி, எந்த இடம், குப்பையை யார் அள்றது."

மிஞ்சியது இவ்வளவுதான்:

'செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம். ஐயா, சனிக்கிழமைதோறும் காலை ஏழு முதல் பதினொரு மணி வரை, விருந்தினர் பார்க்கிங் எண் மூன்றில் காய்கறி, பழக் கடை வைக்க அனுமதி வேண்டுகிறேன். முத்திரையிட்ட தராசு வைத்திருக்கிறேன். கேட்டில் பதிவு செய்துவிட்டு வருவேன். கூவி விற்க மாட்டேன், மாடி ஏற மாட்டேன். பிளாஸ்டிக் பை தர மாட்டேன். கழிவை நானே அள்ளி, இடத்தைக் கழுவிவிட்டுப் போவேன். முதலில் ஒரு மாதம் சோதனையாக அனுமதித்தால் போதும்.'

காய்க்காரம்மா கீழே கையெழுத்துப் போட்டார். வீட்டுக்காரி மட்டும் இடத்தின் மேல் விரலை வைத்தாள்.

"மூணாம் நம்பர்லதான் கார் நிக்குதே?"

"உன் பார்க்கிங் ரிஜிஸ்டரைப் பாரு. காலின்னு போட்டிருக்கு."

பார்த்தாள். காலி என்றுதான் இருந்தது. வேறு இடமும் இல்லை. கேட் பக்கம் தீயணைப்பு வண்டி வரும் வழி, பின்பக்கம் பிள்ளைகள் விளையாடும் இடம். தண்ணீர்க் குழாயும் நிழலும் உள்ள ஒரே இடம் மூன்றாம் எண்தான்.

அங்கே சாம்பல் நிற உறைக்குள் ஒரு கார் நின்றது. அதன் அடியில் பூனைகள் ஏழு தலைமுறை கண்டுவிட்டன. அது செயலாளருடையது. அவருடைய சொந்த இடத்தில் புதுக் கார். பழசு மாமனார் கொடுத்தது, விற்றால் வீட்டில் சோறு கிடைக்காது. விருந்தினர் இடத்தில் ஒரு நாளைக்கு மேல் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்ததும் அதே செயலாளர்தான். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. தண்ணீர் லாரிக்குப் போன் போடுவது அவர்தானே!

"அந்தக் கார் நகர்ந்துச்சுன்னா, உங்க காகிதம்தான் நகர்த்துச்சுன்னு என் கைப்பட எழுதித் தரேன்" என்றாள் வீட்டுக்காரி.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. ஏழு பேரும் ஆஜர். நான் பார்வையாளன், கதவோர நாற்காலி. செயலாளர் கடிதத்தை வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"குப்பை சேரும்."

"அள்ளிடறேன்னு எழுதியிருக்காங்க" என்றார் பொருளாளர்.

"வெளியாள் உள்ள வந்தா பாதுகாப்பு?"

"கேட்ல பதியறாங்களாம். மாடி ஏறலையாம்."

"எடையில ஏமாத்திட்டா?"

"முத்திரைத் தராசு."

செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இடம் சரிப்படாது. அங்க... அங்க வசதி இல்ல."

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய பல் டாக்டர்தான் எங்கள் தலைவர். அன்று தன் வாயைத் திறந்தார். "போய்ப் பார்த்துடலாமே."

ஏழு பேரும் இறங்கினார்கள். நான் எட்டாவது. உறைக்கு முன்னால் வரிசையாக நின்றோம், துக்க வீடு மாதிரி. வீட்டுக்காரி நோட்டைத் திறந்தாள்.

"குறிப்புல எழுதணும். கார் யாருதுன்னு போடட்டும்?"

செயலாளர் தவிர மற்ற ஆறு பேரும் வானத்தைப் பார்த்தோம். வானத்தில் ஒன்றும் இல்லை. செயலாளர் காரின் டயரைப் பார்த்தார். என்னுடையது என்று சொன்னால் அவருடைய விதிப்படி ஒன்பது வருஷத்து அபராதம்.

"யாருதோ" என்றார்.

"அப்படின்னா உரிமையாளர் தெரியாத வாகனம்" என்றார் பொருளாளர் குஷியாக. "நோட்டீஸ் ஒட்டணும். ஏழு நாள்ல எடுக்கலைன்னா இழுத்துட்டுப் போகச் சொல்லணும். விதி."

அங்கேயே கை தூக்கச் சொன்னார்கள். இடம் காலியானதும் ஒரு மாதச் சோதனை அனுமதி. ஆறு கைகள் சட்டென்று எழுந்தன. ஏழாவது, காது வரை வந்து, தலையைச் சொறிந்துவிட்டு, மேலே போனது.

நோட்டீஸில் செயலாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை தன் காருக்குத் தானே எச்சரிக்கை எழுதி, தானே பசை தடவி, தானே ஒட்டினார். ஒட்டிய இடத்தை இரண்டு முறை தடவிக் கொடுத்தார். மூன்றாம் மாடி வரை விம்மல் கேட்டது. சரி, தும்மலாகவும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை நானும் வீட்டுக்காரியும் பால்கனியில் நின்றிருந்தோம். கீழே செயலாளர் கால் பம்பால் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. இடத்தைப் பார்த்துப் போக வந்த காய்க்காரம்மா, மூட்டை ஏற்றும் தன் குட்டி வேனிலிருந்து இறங்கினார்.

"உங்க வண்டியா சார்?"

"தெரிஞ்சவரோடது."

"சாவி உங்க கையில இருக்கே?"

செயலாளர் சாவியைப் பார்த்தார், யாரோ அப்போதுதான் கையில் வைத்துவிட்டுப் போன மாதிரி. காய்க்காரம்மா வேனுக்குள்ளிருந்து கயிற்றை எடுத்தார்.

"நகருங்க சார். நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க. கயிறு என்கிட்ட இருக்கு."

மூட்டை கட்டும் கயிற்றால் காரை வேனோடு பிணைத்து இழுத்தார். பூனைகள் சிதறின. கார் அழுதுகொண்டே கேட்டைத் தாண்டி மெக்கானிக் கடைக்குப் போயிற்று.

"பார்த்தியா!" என்றேன்.

"பார்த்தேன். இழுத்தது கயிறுங்க. காகிதம் இல்ல" என்றாள் அவள்.

மறுநாள் ஏழு மணிக்குக் கடை. தக்காளி, பீன்ஸ், கொய்யா. கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம், எண்பது வீட்டிலிருந்து எண்ணூறு பேர். பதினொரு மணிக்கு இடம் கழுவித் துடைத்துக் கிடந்தது. நாலு சனிக்கிழமையும் அப்படியே.

அடுத்த மாதக் கூட்டத்தில் சாலை வேலை முடியும் வரை அனுமதியை நீட்டித்தார்கள். முதல் கையே செயலாளருடையதுதான். காய்க்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு வீட்டுக்காரி போன மாதக் குறிப்பை எழுந்து வாசித்தாள்.

"...விண்ணப்பக் கடிதத்தின் விளைவாக, மூன்றாம் எண் இடத்திலிருந்த வாகனம் அகற்றப்பட்டது."

"மேடம்" என்றார் செயலாளர் மெதுவாக, "அந்தக் 'கடிதத்தின் விளைவாக' வேண்டாமே."

"வேற எதனால நகர்ந்துச்சு சார்? காரணத்தைச் சொல்லுங்க, மாத்தி எழுதிடறேன்."

செயலாளர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்காரி நோட்டை மூடினாள். கதவோர நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"நடந்ததுதாங்க. காகிதம்தான் நகர்த்துச்சு. போதுமா?"