இரண்டு முப்பத்தைந்து

சண்முகப்பிரியா மவுஸை உதறிவிட்டுக் கீபோர்டின் மீது குனிந்தாள். மணி 2:24.

"கதிர், ஸ்கொயர்-ஆஃப் இன்னும் 3:20னே காட்டுது!"

பக்கத்து மேசையில் ரிஸ்க் பார்க்கும் கதிர், கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தான். "வெளையாடாதீங்க பிரியா. மார்க்கெட்டே 2:45க்கு மூடிருது."

அதுதான் பயமே. நேற்று ஊரெல்லாம் தீபாவளி. பங்குச்சந்தைக்கு மட்டும் இன்றுதான் லட்சுமி பூஜை. விடுமுறை நாளிலும் நல்ல நேரம் பார்த்து ஒரே ஒரு மணி நேரம், 1:45க்குத் திறந்து 2:45க்கு மூடும் முகூர்த்த வர்த்தகம். திறப்பையும் மூடலையும் சந்தையே பார்த்துக்கொள்ளும். ஆனால் அன்றன்றைக்கே முடிக்க வேண்டிய வியாபாரத்தைக் கடைசி நிமிடங்களில் தானாக முடித்துவைக்கும் இந்த ஸ்கொயர்-ஆஃப் வேலை, பீளமேட்டிலிருந்த இந்தத் தரகு அலுவலகத்தின் சொந்தக் கடிகாரத்தில் ஓடியது. மற்ற நாட்களில் 3:20. இன்று 2:35 ஆகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. திரையில் 4,812 பேர் முடிக்காமல் நின்றார்கள். சந்தை மூடிவிட்டால் வாங்கியவர்கள் முழுப் பணம் கட்ட வேண்டும். கையில் இல்லாத பங்கை விற்றவர்கள், சந்தை நடத்தும் ஏலத்தில் கேட்ட விலை கொடுக்க மாட்டிக்கொள்வார்கள்.

"நான் ரெண்டு வாரம் முன்னாடியே போட்டேனே!" அவள் நேர மாற்றப் பட்டியலை உருட்டினாள். இருந்தது. 'தீபாவளி சிறப்பு நேரம்'. எதிரே சிவப்பில்: நிறுத்திவைக்கப்பட்டது. ஊழியர் எண் 117.

"எவனோ வேணும்னே நிறுத்திப்போட்டானுங்க!" கதிர் எழுந்து வந்து அவள் திரையைப் பார்த்தான்.

நிறுத்தியவரால்தான் விடுவிக்க முடியும். 117 யார் என்று தேட நேரமில்லை. அவள் புதிதாக ஒரு பதிவு திறந்தாள். இன்றைய தேதி. நேரம் 2:38. அனுப்பினாள். இனி மேலாளர் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்காமல் கடிகாரம் நகராது.

மேலாளர் கிருபாசங்கர் விடுமுறைக்குத் தொண்டாமுத்தூரில் இருந்தார். அவள் போன் போட்டாள்.

"ஏனுங்க சார், உடனே லேப்டாப்பைத் திறங்க!"

"இரு அம்மணி, தோப்புல நிக்கறேன். ஊட்டுக்குப் போற வழியில ஆனை நிக்குது."

"சார், 4,812 பேருங்க!"

மறுமுனையில் சருகு மிதிபடும் சத்தம். பிறகு ஓடும் மூச்சு. "பம்புசெட்டு ரூம் மாடிக்கு ஏறறேன். செல்லுலயே உள்ள வாரேன், சிக்னல் கெடச்சாச் சரி."

2:31. 2:33. கதிர் நகத்தைக் கடித்தான். 2:35 யாருக்கும் சொல்லாமல் கடந்துபோனது.

2:36. பதிவு பச்சையானது.

"படிச்சுப் பாத்துட்டுத்தான் அமுக்குனேன் கண்ணு. இன்னிக்குத் தேதிதான்," என்றார் கிருபாசங்கர், மூச்சிரைக்க.

2:38.

4,812 என்ற எண் அசைந்தது. 4,790. 4,102. பிறகு எண்களாகவே தெரியவில்லை. மழை போல் இறங்கின. ஈரோட்டு மஞ்சள் வியாபாரி, சூலூர் ஆசிரியை, முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர், நாடு முழுவதும் ஒரே மணி நேரத்துக்குள் நெருக்கியடித்து நின்ற கூட்டத்துக்குள் வாங்கவோ விற்கவோ ஓர் ஆளைக் கண்டு, கைமாற்றி, வெளியேறிக்கொண்டிருந்தார்கள். இந்த வேலையில் ஆறு வருடம். ஒருமுறைகூட அவள் இதை நின்று பார்த்ததில்லை.

2:40. பூஜ்யம்.

"சாமி!" என்றான் கதிர். கீழே வைத்த முறுக்கைத் தேடி எடுத்தான்.

2:45க்குச் சந்தை மூடியது. இப்போது கோபத்துக்கு நேரம் இருந்தது. 117ஐத் தட்டினாள்.

ஜெபராணி.

எல்லோரும் ஊருக்குப் போக, "எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வருமில்லீங்க" என்று சிரித்து, தீபாவளியன்று தனியாக டியூட்டி பார்த்த ஜெபராணி. நிறுத்திய நேரம்: நேற்று 2:34:12.

நேற்று? நேற்று சந்தை வழக்கம்போல 3:30 வரை நடந்ததே!

காரணம் என்ற கட்டத்தில் அவசரமாக அடித்த வரிகள்: 'இன்னும் 48 செகண்டில் ஓடிவிடும். ஓடினால் 31,000 பேருடைய வியாபாரத்தை மார்க்கெட் நடுவில் மூடிவிடும். நிறுத்த மட்டும்தான் எனக்கு அனுமதி, திருத்த முடியாது. மெயில் அனுப்பியிருக்கிறேன்.'

மெயில் இருந்தது. தீபாவளி வாழ்த்துகளுக்கு நடுவே, திறக்கப்படாமல்.

வெடிச் சத்தம் மட்டும் கேட்கும் காலி மாடியில், ஒற்றை ஆளாக, நாற்பத்தெட்டு நொடி. நிறுத்தப்பட்ட அந்தப் பதிவை சண்முகப்பிரியா இப்போதுதான் முழுதாகத் திறந்தாள்.

தேதிக் கட்டத்தில், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் 'தீபாவளி' என்று சிவப்பில் போட்டிருந்த அதே தேதி. நேற்று, திங்கட்கிழமை.

பதிந்தவர்: சண்முகப்பிரியா.