மாடி டீச்சரின் நோட்டு

மோட்டார் ரிப்பேர் பட்டறையில் எல்லோரும் அவளைக் காயில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவி, புதுச் செம்புக் கம்பியைக் காயில் காயிலாகச் சுற்றி உள்ளே இறக்கும் வைண்டிங்தான் அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதே மேஜை. இந்த வருஷம்தான் மின் மேற்பார்வையாளர் பரீட்சை எழுதிப் பார்த்துவிடலாம் என்று துணிந்திருந்தாள். லைசென்ஸ் கிடைத்தால் பட்டறையில் அவள் பார்த்து முடித்த வேலைக்கு அவளே கையெழுத்துப் போடலாம்.

அவள் குடியிருந்த வீட்டின் மாடியில் இருந்த பெண் போன வருஷம் அதே பரீட்சையில் முதலாவதாக வந்தவள். அதற்கு முன் ஏழெட்டு வருஷம் கணக்கு டியூஷன் எடுத்ததால் அவளுக்கு மாடி டீச்சர் என்று பெயர். நோட்டு கிடைக்குமா என்று காயில் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, மாடி டீச்சர் அலமாரியிலிருந்து தடிமனான நீல நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்கக்கா. எனக்கு இனிமே எதுக்கு?"

நோட்டைத் திறந்தவுடன் காயில் அக்காவுக்கு மலைப்பாக இருந்தது. மூன்று நிற மையில் எழுத்து, அடிக்கோல் வைத்து வரைந்த படங்கள். முதல் அட்டையின் உள்பக்கம் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. விடியற்காலை நாலரைக்குக் கணக்கு, அரை மணி நேரம். ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை வைண்டிங். சாயங்காலம் பாதுகாப்பு விதிகள். முதல் மார்க் வாங்கினவள் இப்படித்தான் படித்திருக்கிறாள் என்றால் இதற்கு மேல் என்ன யோசனை? அவள் அந்த அட்டவணையை அப்படியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மறுநாள் நாலரைக்கு அலாரம் அடித்தது.

மூன்று வாரம் ஓடியது. விடியற்காலையில் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, நீல நோட்டை வரிக்கு வரி தன் நோட்டில் இறக்கினாள். அவளும் மூன்று பேனா வாங்கியிருந்தாள். பஸ் டிரைவரான அவள் கணவர் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்ப்பார்.

"ஏம்மா, நீ படிக்கிறியா, பிரிண்ட் அடிக்கிறியா?"

"எழுதினாத்தான் மனசுல நிக்கும். நீங்க போங்க, லேட்டாகுது."

மனசில் நின்றதோ இல்லையோ, உடம்பு நிற்கவில்லை. மாடி டீச்சர் போன வருஷம் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து படித்தவள். இவளோ மகளுக்குச் சாப்பாடு கட்டி, எட்டு மணிக்குப் பட்டறையில் நிற்க வேண்டும். ஒரு நாள் நாற்பத்தெட்டுச் சுற்றுச் சுற்ற வேண்டிய காயிலை ஐம்பத்திரண்டு சுற்றிவிட்டாள். அவள் முழுவதையும் பிரித்தெடுப்பதை முதலாளி எட்டிப் பார்த்தார். இப்படி அவள் எண்ணிக்கையைத் தவறவிட்டு அவர் பார்த்ததே இல்லை.

அவள் போய்வந்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்பில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். அவள் தெம்பாகத்தான் எழுதினாள். தாள் திரும்பி வந்தபோது நூற்றுக்கு முப்பத்தெட்டு மார்க். வகுப்பெடுப்பவர் ஒரு கேள்வியின் மேல் விரலை வைத்து நின்றார்.

"நீங்க வைண்டிங் பட்டறையில இருக்கறதாத்தானே சொன்னீங்க?"

"ஆமா சார்."

"இருபத்துநாலு ஸ்லாட், நாலு போல். காயிலோட ஒரு பக்கம் முதல் ஸ்லாட்ல இருந்தா இன்னொரு பக்கம் எதுல வரும்? ஆறுன்னு எழுதியிருக்கீங்களே!"

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஏழு! கண்ணைக் கட்டிவிட்டால்கூட அவள் கை ஏழாவது ஸ்லாட்டில்தான் போய் நிற்கும். காயில் உட்காரும் இருபத்துநாலு காடியை நாலு காந்த முனைக்குப் பங்கிட்டால் ஆறு. ஒன்றிலிருந்து ஆறு ஸ்லாட் தள்ளி உட்கார்ந்தால் ஏழு. இதில் சந்தேகம் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நீல நோட்டைப் புரட்டினாள். அங்கே பச்சை மையில் அழகாக எழுதியிருந்தது: போல் இடைவெளி ஆறு, ஆகவே காயில் ஒன்றிலிருந்து ஆறு வரை. தன் நோட்டைத் திறந்தாள். அதிலும் பச்சை மையில், ஒன்றிலிருந்து ஆறு. படம்கூட வரைந்திருந்தாள். பன்னிரண்டு வருஷம் தன் கையால் செய்ததற்கு நேர்மாறாக ஒன்றைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். எழுதும்போது ஒரு நொடிகூட உறுத்தவில்லை. கோபம் வரவில்லை. இது எப்படி நடந்தது என்ற ஆச்சரியம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் நோட்டை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தாள். வைண்டிங் பதினொரு பக்கம். காயில் எப்படி இருக்கும், மின்காப்புக் காகிதத்தை எப்படி மடித்துச் செருக வேண்டும் என்று அவள் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியதெல்லாம் விலாவாரியாக. ஆனால் மோட்டாரின் மூன்று காயிலையும் முதலில் ஒரே புள்ளியில் சேர்த்து (ஸ்டார்), வேகம் பிடித்ததும் முக்கோணமாக மாற்றும் (டெல்டா) ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்கு ஒரே வரி: ஸ்டாரில் தொடங்கினால் லைனில் கரண்ட், டெல்டாவில் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதான். மாதிரித் தேர்வில் அவளைக் கவிழ்த்த இன்னொரு கேள்வியும் அதுதான். ஸ்டாரில் லைனில் முப்பது ஆம்பியர் இழுக்கும் மோட்டார், டெல்டாவில் தொடங்கினால் ஒவ்வொரு காயிலிலும் எவ்வளவு ஓடும்? அவள் தொண்ணூறு என்று எழுதினாள். விடை ஐம்பத்திரண்டு. மூன்றில் ஒரு பங்கு என்பது தெரியும். ஏன் மூன்று, எந்த இடத்தில் மூன்று என்பது தெரியாது.

மறுநாள் பட்டறையில் மோட்டாரில் பூசிய வார்னிஷை உலர்த்தும் மின் அடுப்பைப் பார்த்தபோது பொறி தட்டியது. உள்ளே ஒரே மாதிரியான மூன்று ஹீட்டர்கள். மூன்று காயில் மாதிரிதானே!

"ஐயா, மத்தியானம் அடுப்பு சும்மாத்தானே இருக்கு? ஹீட்டரை ஸ்டார்லயும் டெல்டாவிலயும் மாத்தி மாட்டிப் பாக்கட்டுமா?"

முதலாளி மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "எதுக்கும்மா?"

"மூணு எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்."

அவருக்கும் ஆவல் வந்துவிட்டது. அவரே மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லையென்று சோதித்துவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் இணைப்புகளை டெல்டாவில் மாட்டினாள். மெயின் போட்டதும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை, வெளியிலிருந்து வரும் லைன் ஒயரைச் சுற்றிக் கவ்வ வைத்தாள். பன்னிரண்டு ஆம்பியர். ஹீட்டருக்குப் போகும் ஒயரில் வைத்தாள். ஆறு புள்ளி ஒன்பது. திரும்ப அணைத்து, பூட்டி, சோதித்து, ஸ்டாருக்கு மாற்றினாள். லைனில் நாலு. ஹீட்டரிலும் அதே நாலு.

ஒரு அட்டைத் துண்டில் எண்களை எழுதி வகுத்துப் பார்த்தாள். ஹீட்டரில் ஓடுவது ஆறு புள்ளி ஒன்பதிலிருந்து நாலாகக் குறைந்தது. வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்று புள்ளி ஏழு மூன்று. சரி, ஸ்டாரில் ஹீட்டருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் அந்த அளவுக்குக் குறைவு. டெல்டாவில் லைனில் பன்னிரண்டு, ஹீட்டரில் ஆறு புள்ளி ஒன்பது. வகுத்தால் மறுபடியும் கிட்டத்தட்ட அதே ஒன்று புள்ளி ஏழு மூன்று!

"ஐயா, இது ரெண்டு தடவை வருது! ஒரு தடவை காயிலுக்குள்ள, ஒரு தடவை லைன்ல. ரெண்டையும் பெருக்கினா மூணு!"

"அட!" என்றார் முதலாளி. முப்பது வருஷமாக ஸ்டார்ட்டர் விற்பவர். "எனக்கும் மூணுன்னு மட்டும்தான் தெரியும்."

அன்று சாயங்காலம் நோட்டோடு மாடிப்படி ஏறினாள்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டியே? ஸ்டார்-டெல்டாவுக்கு ஒரு வரி, வைண்டிங்குக்குப் பதினொரு பக்கம். ஏன் இப்படி?"

மாடி டீச்சர் சிரித்துவிட்டாள். "அக்கா, அந்தக் கணக்கு எனக்குப் பாத்த உடனே வந்துடும். வந்துடறதை ஏன் எழுதறேன்? மோட்டாரை நான் கண்ணால பாத்தது கிடையாது. அதான் பக்கம் பக்கமா எழுதினேன். எனக்குத் தெரியாததுதான் அந்த நோட்டுல இருக்கு."

"அப்போ சுவத்துல நான் ஒட்டி வெச்சிருக்கற உன் டைம் டேபிளும்..."

"கணக்குக்கு அரை மணி, எனக்குப் போதும். அதையா சுவத்துல ஒட்டியிருக்கீங்க?"

காயில் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். தனக்கு எது பலமோ அதற்கு ஒன்றரை மணி, எது தடுமாற்றமோ அதற்கு அரை மணி. மூன்று வாரமாக அடுத்தவள் செருப்பில் நடந்திருக்கிறாள், அதுவும் இடம் வலம் மாற்றி. பிறகு மெதுவாக அந்தப் பச்சை மை வரியைக் காட்டி, ஆறு இல்லை, ஏழு என்றாள். மாடி டீச்சர் உற்றுப் பார்த்தாள்.

"ஏழா? ஐயோ... இல்ல, இருங்க. ஒண்ணுலேருந்து ஆறு தள்ளி... ஏழு. ஆமாக்கா! இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்ல, தப்பிச்சேன். பட்டறைக்கு வந்தா நேர்ல காட்டுவீங்களா?"

"சனிக்கிழமை வா. ஆனா கையில வார்னிஷ் ஒட்டும்."

அதற்குப் பிறகு நீல நோட்டு மேஜையின் ஓரத்துக்குப் போனது. அவள் முதலில் பாடப் புத்தகத்தைப் படிப்பாள். மூடி வைத்துவிட்டு, தெரிந்ததைக் கன்னாபின்னாவென்று ஒரு தாளில் கிறுக்குவாள். கடைசியில்தான் நீல நோட்டைத் திறப்பாள். தான் விட்டது எது, டீச்சர் விட்டது எது, இரண்டு பேரும் முரண்படுவது எங்கே என்று பார்ப்பாள். முரண்பட்டால் புத்தகம், புத்தகத்திலும் புரியாவிட்டால் பட்டறை. டீச்சர் ஓரத்தில் குறித்திருந்த பழைய கேள்விகள் மட்டும் பொக்கிஷமாக இருந்தன. அவற்றை விடையைப் பார்க்காமல் போட்டுப் பழகினாள். தன் நோட்டில் கணக்குதான் நிறைய. வைண்டிங்குக்கு ஒரு பக்கம்கூட வரவில்லை. மூன்று பேனா போய் ஒரே பேனா ஆனது.

சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பட்டறையில் நாற்பது நிமிஷம் கணக்கு, அது அவளுக்கு மூளை விழித்திருக்கும் நேரம். மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பாதுகாப்பு விதிகள். காலையில் ஆறு மணி வரை தூக்கம்.

சனிக்கிழமை மாடி டீச்சர் நிஜமாகவே வந்தாள். முதல் காயிலை ஸ்லாட்டில் இறக்க அவளுக்கு இருபது நிமிஷம் பிடித்தது. விரலெல்லாம் சிவந்துவிட்டது. "இதைப் பதினொரு பக்கம் எழுதினேன், ஒண்ணுமே எழுதலன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள்.

பரீட்சை வந்தது. நீல நோட்டிலும் இல்லாத, தன் நோட்டிலும் இல்லாத கேள்வி ஒன்று அதில் இருந்தது. டெல்டாவில் ஓடும் மூன்று ஹீட்டரில் ஒன்று அறுந்துபோனால் மொத்த வெப்பம் எவ்வளவு குறையும்? அவள் பேனாவை வைத்துவிட்டு, மனசுக்குள் அடுப்பைத் திறந்து பார்த்தாள். மற்ற இரண்டுக்கும் முழு வோல்டேஜ் அப்படியே கிடைக்கிறது. மூன்றில் ஒன்று போய்விட்டது, அவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று எழுதினாள். பிறகு, ஸ்டாரில் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு யோசனை கிளம்பியது. அதை யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்த பத்து நிமிஷத்தில் கேள்வித்தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தாள். மிச்ச இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொள்வதால் வெப்பம் பாதியாகக் குறைந்தது.

எழுபத்துநாலு மார்க்கோடு தேறினாள். டீச்சர் வாங்கியதைவிட இருபது குறைவு. கணவர் அவளுக்கு ஒரு நல்ல பேனா வாங்கி வந்தார். அவள் அதைச் சட்டென்று வாங்கிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினாள். நேற்று வந்த மோட்டார் ஒன்று சுமை எதுவும் இல்லாமல் ஓடும்போதே சூடாகிறது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.